ஆச்சிக்கு ஒரு கடிதம்

மெல்போர்ன்

அன்புள்ள ஆச்சிக்கு,

உங்கள் போனில், கேட்டால் பதில் பேசும் ஏஐ செயலியைப் போட்டுக் கொடுத்ததாகச் சித்தி சொன்னார்கள். மைக் படத்தைத் தொட்டுவிட்டு, என்னிடம் பேசுவதுபோலவே தமிழில் கேளுங்கள். அவசரமே வேண்டாம்.

ஆனால் ஒன்று ஆச்சி. அது விவரம் தெரிந்து பேசுவதில்லை. படித்த கோடிக்கணக்கான வரிகளை வைத்து, அடுத்த சொல் எதுவாக இருக்கும் என்று கணித்துக் கோக்கிறது. அதனால் தப்பையும் தயங்காமல் சொல்லும். போன வாரம் நம் சொதியைப் பற்றிக் கேட்டேன். தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு எல்லாம் சரி, கடைசியில் புளியைக் கரைத்து ஊற்றச் சொன்னது! நீங்கள் இறக்கிவைத்து எலுமிச்சம்பழம்தானே பிழிவீர்கள்? சொதியில் தப்பு வந்தால் உடனே கண்டுபிடித்துவிடுவீர்கள். மாத்திரையில் வந்தால்?

அதனால் சுகர் மாத்திரையைக் கூட்டுவது, குறைப்பதெல்லாம் டாக்டரிடம் மட்டும் கேளுங்கள். நெஞ்சு வலித்தால் அதனிடம் பேசிக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ஓடிபி, ஆதார் எண் எதையும் சொல்லாதீர்கள். "நிச்சயமா?" என்று கேட்டுப் பார்ப்பதும் போதாது, சரியாகச் சொன்னதைக்கூட மாற்றிவிடும்.

அப்புறம், ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுகிறேன். அது தப்பாகச் சொன்னதையெல்லாம் காலண்டர் தாளில் குறித்துவையுங்கள்.

உங்கள் பேரன்,
குமார்