தாத்தாவின் தகரப்பெட்டி

மூடி துருவேறி இறுகியிருந்தது. கரண்டிக் காம்பைக் கொடுத்து நெம்பியதும் காசுகள் படுக்கையில் கொட்டின. கயல் அழுக்குப் படிந்ததாகப் பார்த்து ஒன்றை எடுத்துப் பாவாடையில் தேய்க்கப் போனாள்.

"தேய்க்காதே! அந்தக் கருப்பைப் போக்கினால் மதிப்பே போயிடும்," என்றாள் அத்தை. "விளிம்பைப் பிடி. முகத்தில் விரல் படக்கூடாது."

காந்தத்தில் ஒட்டியவை ஒரு குவியல், ஒட்டாதவை இன்னொன்று. ஒட்டாததெல்லாம் வெள்ளி ஆகிவிடாது, செம்பும் ஒட்டாது. அதற்கப்புறம் ஆண்டு பார்க்கும் வேலை.

ஒரு துணி முடிச்சில் இரண்டு பிரிட்டிஷ் ஷில்லிங். ஒரே ராஜா முகம், ஒரே அளவு. ஒன்றில் 1919, மற்றதில் 1920.

"ஒரு வருஷம்தானே வித்தியாசம்?"

"1919-ல் நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி. மறுவருஷம் 50 பங்காகக் குறைத்துவிட்டார்கள்."

முடிச்சுக்குள் ஒரு காகிதத் துண்டும் இருந்தது. தாத்தாவின் சாய்ந்த எழுத்து: 'பழசு கயலுக்கு.'

அவள் 1919-ஐ விளிம்பில் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

"இதை விற்க வேண்டாம் அத்தை."

"சரிம்மா. அந்தத் துணியிலேயே முடிஞ்சு வை."