நாலு மணி சிக்னல்

புளியங்குடியில் சாயங்காலமானால் ஊரே செல்போனில் படம் பார்க்கும். செல்விக்கு ஒரு மெயில்கூடப் போகாது. மெல்போர்ன் பூக்கடைக்காரரோ வீடியோ காலில் பேசலாம் என்றார். பேசினால் படம் உறைந்து நிற்கும், மானம் போகும். அதனால் அவர் கடைக்கு வரைந்த மூன்று லோகோவையும் பற்றிப் பேசிக் குரல் பதிவாக்கி, பிடிஎஃப்போடு சேர்த்து, விடியற்காலை நாலு மணிக்கு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி அனுப்பினாள். டவர் சும்மா கிடக்கிற நேரம் அது. அங்கே ஜூலைக் குளிரில் காலை எட்டரை.

உடனே பதில்: "கடை திறக்கும் முன்பே வந்துவிட்டதே! இரண்டாவது பிடித்திருக்கிறது. பாதிப் பணத்தை இன்றே அனுப்புகிறேன், கணக்கு விவரம் கொடுங்கள்."

"ஏட்டி, விழுந்து தொலைக்காத, இறங்கு!" கீழிருந்து அம்மா கத்தினாள்.

"இரும்மா, பேங்க் நம்பர் போய்க்கிட்டிருக்கு!"