ஐந்து விசைகள்: ஒரு மளிகைக் கடையை முன்வைத்துத் தொழில்துறைப் போட்டி ஆய்வு

ஒரு தொழில்துறையில் உருவாகும் லாபம் யார் கையில் தங்குகிறது என்ற கேள்விக்கு விடை காணவே ஐந்து விசைகள் மாதிரி பயன்படுகிறது. மைக்கேல் போர்ட்டர் இதை 1979இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் முன்வைத்தார். நேரடிப் போட்டியாளர் மட்டுமல்லாமல், சரக்கு வழங்குவோர், வாங்குவோர், புதிதாக நுழையக்கூடியவர், அதே தேவையை வேறு வழியில் நிறைவு செய்யும் பதிலிகள் ஆகியோரும் அந்த லாபத்தில் பங்கு கேட்கிறார்கள் என்பதே அவருடைய வாதத்தின் சாரம். தேர்வு விடைத்தாள்களில் பெரும்பாலானோர் ஐந்து தலைப்புகளையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் 'அதிகம்', 'குறைவு' என்று குறித்து முடித்துவிடுகிறார்கள். ஒரு விசை லாபத்தை எந்த வழியாகக் குறைக்கிறது என்பதை விளக்காத வரை அது ஆய்வு ஆகாது.

ஒரு குடியிருப்புப் பகுதியை எடுத்துக்கொள்வோம். நடந்து போகும் தொலைவுக்குள் ஐந்து மளிகைக் கடைகள். பேருந்து நிறுத்தத்தை ஒட்டி ஒரு சூப்பர் மார்க்கெட். கைப்பேசிச் செயலி வழியாக வீட்டுக்கே சரக்கு கொண்டுவரும் இரண்டு நிறுவனங்கள். முதலில் தீர்மானிக்க வேண்டியது தொழில்துறையின் எல்லை. 'இப்பகுதிக் குடும்பங்களுக்கு அன்றாடச் சமையல் சாமான்களையும் வீட்டு உபயோகப் பொருள்களையும் சில்லறையாக விற்பது' என்று எல்லையை வகுத்தால், சூப்பர் மார்க்கெட்டும் செயலி நிறுவனங்களும் போட்டியாளர் வரிசையில் வந்துவிடும். 'சிறு மளிகைக் கடைகள்' என்று குறுக்கினால் அவை வெளியே நிற்கும் பதிலிகளாக மாறும். இரண்டில் எதுவும் தவறன்று. ஆனால் தொடக்கத்தில் ஒன்றைச் சொல்லிவிட்டு நடுவில் மற்றதற்குத் தாவினால், ஒரே நிறுவனத்தை இரண்டு விசைகளின் கீழ் இருமுறை கணக்கிட நேரிடும். இங்கே நாம் முதல் எல்லையை எடுத்துக்கொள்கிறோம். ஆய்வுக்கு உட்படுவது தனியொரு கடை அன்று, இந்தக் கடைகள் அனைத்தும் சேர்ந்த துறை என்பதையும் மறக்கக் கூடாது.

சரக்கு வழங்குவோரின் பேரம் பேசும் வலிமையைப் பார்க்கும்போது கடையின் அலமாரியை இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது. சோப்பு, பற்பசை, பிஸ்கட் போன்றவை பிராண்டுப் பொருள்கள். இவற்றைக் கொண்டுவரும் விநியோகஸ்தர் அந்தப் பகுதிக்கு ஒருவராகவே இருப்பார். உறையில் விலை அச்சிடப்பட்டு வரும். கடைக்காரருக்கு எத்தனை சதவீதம் என்பதை நிறுவனம் முடிவு செய்யும். வாடிக்கையாளர் குறிப்பிட்ட சோப்பின் பெயரைச் சொல்லிக் கேட்கும்போது, கமிஷன் போதவில்லை என்பதற்காகக் கடைக்காரர் அதை வாங்கி வைக்காமல் இருக்க முடியாது. வேகமாக விற்கும் சரக்கோடு நகராத சரக்கையும் சேர்த்துத் தள்ளிவிடுவதும், காலாவதியான பொருளைத் திரும்ப எடுக்கத் தாமதிப்பதும் இந்த வலிமையின் வெளிப்பாடுகளே. அரிசி, பருப்பு, சர்க்கரை போன்ற உதிரிச் சரக்கில் நிலைமை தலைகீழ். மொத்த வியாபாரிகள் பலர் உண்டு, தரத்தைக் கடைக்காரரே கையில் அள்ளிப் பார்த்துக்கொள்ளலாம், ஒருவர் விலை ஏற்றினால் அடுத்தவரிடம் போகலாம். ஆகவே 'வழங்குவோர் வலிமை அதிகம்' என்று ஒரே வரியில் எழுதுவது பாதி உண்மைதான்.

வாங்குவோரைப் பற்றி மாணவர்கள் அவசரப்பட்டு முடிவு சொல்வதுண்டு. ஒரு குடும்பம் கடையின் மொத்த விற்பனையில் மிகச் சிறிய பங்கே என்பதால், அதற்குத் தனியாகப் பேரம் பேசும் பலம் இல்லை. ஆனால் கடை மாறுவதற்கு ஆகும் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. செயலியைத் திறந்தால் விலை கண்முன்னே தெரிகிறது. பொருளோ எல்லாக் கடைகளிலும் ஒன்றே. இவை வாங்குவோருக்குச் சாதகமானவை. இதற்கு எதிராக நிற்பது கணக்கு நோட்டு. மாதக் கடைசியில் கடன் கொடுத்து, சம்பளம் வந்ததும் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு, வேறு கடைக்குப் போவதை வாடிக்கையாளருக்குச் சங்கடமாக்குகிறது. போர்ட்டரின் சொற்களில் இது மாறுவதற்கான செலவு. அந்தக் கடனுக்கான முதலீடும் வாராக்கடனும் கடைக்காரரின் தலையில் விழுவதால், இந்தப் பாதுகாப்பு இலவசமாகக் கிடைப்பதில்லை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

புதிதாக நுழைவோருக்குத் தடை மிகக் குறைவு. ஓர் இடம், சில அலமாரிகள், ஒரு தராசு, ஓரளவு முதல் இருந்தால் கடை திறந்துவிடலாம். ஆறாவது கடை இன்னும் வரவில்லை என்றாலும், வரக்கூடும் என்ற எண்ணமே இருக்கும் கடைகளை விலையேற்றத் தயங்க வைக்கிறது. நுழைவு விசை என்பது இந்த அச்சுறுத்தலைத்தான் குறிக்கிறது. பேரளவுச் சிக்கனத்தோடு நுழையும் சங்கிலி நிறுவனத்தின் கதை வேறு: அது மொத்த வியாபாரியைத் தாண்டி உற்பத்தியாளரிடமே வாங்குவதால், மற்றவர்களின் அடக்க விலையிலேயே விற்றாலும் அதற்கு லாபம் நிற்கும்.

பதிலிகளில் நாம் நெடுநேரம் நிற்கத் தேவையில்லை. உணவகமும் சமைத்த உணவை வீட்டுக்குக் கொண்டுவரும் சேவையும் சமையல் சாமான்களுக்குப் பதிலிகள். அவை வளரும் பகுதியில் பருப்பு விற்பனை குறையும், சோப்பு விற்பனை குறையாது.

இருக்கும் கடைகளுக்கிடையேயான போட்டியில்தான் மற்ற நான்கின் விளைவும் வந்து சேர்கிறது. போட்டி கடுமையானது என்று சொன்னால் போதாது. எதன்மேல் போட்டி நடக்கிறது என்று கேட்க வேண்டும். விலையின்மேல் நடந்தால் லாபம் நேரடியாக வாடிக்கையாளரிடம் போய்ச் சேரும். கடை திறக்கும் நேரம், வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தல், சரக்கின் தரம் ஆகியவற்றின்மேல் நடந்தால் அந்த அளவுக்குச் சேதம் இல்லை. சொந்தக் கட்டடத்தில், குடும்பத்தார் உழைப்பில் நடக்கும் கடை நஷ்டத்திலும் மூடப்படுவதில்லை. இப்படி வெளியேறும் தடை உயர்ந்திருப்பது போட்டியை நீட்டிக்கொண்டே போகிறது. பலர் கவனிக்காமல் விடும் காரணம் இது.

இனி எடை போடலாம். ஒரு கடையின் விற்பனையில் 60 சதவீதம் பிராண்டுப் பொருள், 40 சதவீதம் உதிரிச் சரக்கு என்றும், முதலாவதில் 8 சதவீதமும் இரண்டாவதில் 15 சதவீதமும் மொத்த லாபம் என்றும் வைத்துக்கொள்வோம். கடையின் சராசரி 4.8 + 6.0 = 10.8 சதவீதம். விநியோகஸ்தர் கமிஷனை 6 சதவீதமாகக் குறைத்தால் சராசரி 9.6 ஆகிறது. கமிஷன் அப்படியே இருந்து, சூப்பர் மார்க்கெட்டின் விலைக்குறைப்பால் உதிரிச் சரக்கின் லாபம் 12 சதவீதமாக இறங்கினாலும் அதே 9.6தான். இழப்பு சமம், விசை வேறு, எனவே மருந்தும் வேறு. முதல் நிலையில் ஐந்து கடைகளும் ஒன்றுசேர்ந்து கொள்முதல் செய்வது பயன் தரலாம். இரண்டாவதில், தரம் பிரித்துச் சுத்தம் செய்த பருப்பு, அரைத்துக் கொடுக்கும் மாவு என்று, அருகருகே வைத்து விலை ஒப்பிட முடியாத சரக்குக்கு நகர வேண்டும். என் மதிப்பீட்டில் இப்பகுதியில் முதன்மையான விசை உதிரிச் சரக்கின் விலைப் போட்டியே. பிராண்டுப் பொருளில் இழக்க இனி அதிகமில்லை.

அரசின் விதி, தொழில்நுட்பம், சந்தையின் வளர்ச்சி வேகம் ஆகியவற்றை ஆறாவது விசையாகச் சேர்க்க வேண்டாம். 2008இல் மாதிரியைப் புதுப்பித்து எழுதியபோது போர்ட்டர் இவற்றை விசைகளாக அல்லாமல், விசைகளின் வழியே செயல்படும் காரணிகளாகவே கருதினார். கைப்பேசிச் செயலி தன்னளவில் நல்லதும் அன்று, கெட்டதும் அன்று. அது விலையை வெளிப்படையாக்கி வாங்குவோர் வலிமையைக் கூட்டுகிறது, கடை வாடகை இல்லாமலே விற்க வழிசெய்து நுழைவுத் தடையைக் குறைக்கிறது.

பயிற்சி: இதே பகுதியின் மருந்துக் கடைகளுக்கு எல்லையை வகுத்து, மருத்துவரின் சீட்டு வாங்குவோர் வலிமையை எவ்வாறு மாற்றுகிறது என்பதை ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதுக. விடையில் குறைந்தது ஒரு விசையின் தாக்கத்தை மேற்கண்டவாறு எண்களால் காட்டுக.