2024-25 ஆண்டுப் பணி மதிப்பீடு: தையல் பிரிவு, தரக் கட்டுப்பாடு

வணக்கம் சார்,

முதலில் மூன்றாவது லைனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஏப்ரலில் அங்கே நூறு பீஸுக்கு 11 ஆல்டர் வந்தது. மார்ச்சில் 4. கடைசி டேபிளில் மட்டும் நடந்த செக்கிங்கை, கழுத்துப் பட்டி வைக்கும் இடத்திலேயே மணிக்கு 7 பீஸ் பார்ப்பதாக மாற்றினோம். தவறை மெஷினிலேயே காட்டினால் டெய்லர் அடுத்த பீஸிலேயே சரிசெய்துவிடுகிறார். 12 மாத செக்கிங் ஷீட்டுகளையும் இணைத்திருக்கிறேன். இதில் பாதிப் பெருமை அந்த லைன் டெய்லர்களுக்குத்தான்.

பையர் தரப்பு இறுதி ஆய்வுகள் 38. அவற்றில் 36 முதல் முறையே பாஸ். தவறிய இரண்டும் ஷேடு வேறுபாட்டால். வெட்டுவதற்கு முன்பே ரோல்களை ஒப்பிட்டிருக்க வேண்டும், அது என் பொறுப்பு.

அதனால் அடுத்த ஆண்டு ஒவ்வொரு ரோலுக்கும் வெட்டுக்கு முன் ஷேடு பார்க்கப்படும். அப்புறம், செப்டம்பருக்குள் எல்லா லைனிலும் ஆல்டரை 5-க்குள் கொண்டுவருவேன். இதற்கு ஒரு லைட் பாக்ஸும் செக்கிங்குக்கு இன்னும் இரண்டு பேரும் வேண்டும். சம்பள உயர்வு, பதவி பற்றி வியாழக்கிழமை நேரில் பேச விரும்புகிறேன்.

நன்றி சார்.
தரக் கட்டுப்பாட்டு மேற்பார்வையாளர், திருப்பூர்