பெனிட்டாவின் கிறிஸ்துமஸ் மெனுவும் ஆர்டர் படிவமும்: திருத்திய பிரதி

பெனிட்டா,

நீ அனுப்பிய மெனு மெசேஜ், கூகுள் படிவம் இரண்டையும் திருத்தி முடித்துவிட்டேன். போன வருட ஆர்டர் மெசேஜ்களையும் சேர்த்து அனுப்பியது ரொம்ப நல்லதாகப் போயிற்று. முதலில் அவற்றைத்தான் படித்தேன். வாங்குகிறவர்கள் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

உன் பழைய மெசேஜ் இது:

> ஹாய் ஃப்ரெண்ட்ஸ்! நம்ம கிறிஸ்துமஸ் ஸ்பெஷல் ரெடி! பிளம் கேக் 480/-, 1 கிலோவும் உண்டு. பிரவுனி 360. பட்டர் குக்கீஸ் 220. கிரீம் கேக் 500 முதல். எக்லெஸ் எக்ஸ்ட்ரா. 2 நாள் முன்னாடியே சொல்லிடுங்க. அட்வான்ஸ் பே பண்ணினா ஆர்டர் கன்ஃபர்ம். டெலிவரி உண்டு. லிமிடெட், சீக்கிரம் புக் பண்ணுங்க!

இதில் 480 ரூபாய்க்கு எவ்வளவு பிளம் கேக் என்று எங்கேயும் இல்லை. அரை கிலோ என்பது உனக்குத் தெரியும், போன வருடம் வாங்கியவர்களுக்கும் தெரியும். புதிதாக வருகிறவருக்கு எப்படித் தெரியும்? அதனால்தான் "பிளம் 2" என்று ஒருவர் அனுப்பியிருக்கிறார். அது இரண்டு கிலோவா, இரண்டு அரை கிலோவா? "1/2 கிலோ" என்று வந்தவையும் உண்டு. அதைப் போனில் அவசரமாகப் பார்த்தால் ஒன்று அல்லது இரண்டு கிலோ என்றும் படிக்கலாம். எனவே அரை, 1/2 இரண்டையும் எடுத்துவிட்டேன். எல்லா இடத்திலும் 500 கிராம், 1 கிலோ மட்டும்தான். பிரவுனிக்கும் குக்கீஸுக்கும் "பெட்டி" என்று போட்டு, பெட்டிக்குள் எத்தனை என்பதையும் அதே வரியில் சேர்த்திருக்கிறேன்.

"500 முதல்" என்று இனி எழுதவே வேண்டாம். படிக்கிறவர் மனதில் 500 மட்டும்தான் நிற்கும். சாக்லேட் 575 என்று நீ பிறகு சொன்னால் விலையை ஏற்றிவிட்டாய் என்றுதான் நினைப்பார்கள். "எக்லெஸ் எக்ஸ்ட்ரா"வும் அதே கதைதான். எவ்வளவு எக்ஸ்ட்ரா என்று அங்கேயே சொல்லிவிடு.

"2 நாள் முன்னாடி" பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 24ஆம் தேதி கேக் வேண்டும் என்பவர் 22ஆம் தேதி ராத்திரி பதினொரு மணிக்கு மெசேஜ் போட்டாலும் அவர் கணக்கில் அது இரண்டு நாள்தான். நாளை எண்ணும் வேலையை வாங்குகிறவரிடம் விடாதே. நீயே எண்ணி, தேதி, கிழமை, மணி மூன்றையும் போட்டுவிடு. தேதியில் கை தவறினாலும் கிழமை காட்டிக் கொடுக்கும். இன்னொன்று, பிளம் கேக் சுட்ட பிறகு சில நாள் வைத்திருந்து கொடுப்பவள் நீ. இரண்டு நாள் கெடு அதற்கு எப்படிப் பொருந்தும்? பிளம் கேக்குக்கும் கிரீம் கேக்குக்கும் தனித்தனிக் கடைசி நேரம் கொடுத்திருக்கிறேன்.

அப்புறம் போன வருடம் வந்த அந்த "24 நைட் 12க்கு வேணும்" மெசேஜ். 23 முடிந்து 24 பிறக்கும் நேரமா, 24 முடிந்து 25 பிறக்கும் நேரமா? ஆராதனைக்குப் போய்விட்டு வந்து வெட்டுகிற கேக் என்றால் இரண்டாவது. பிறந்தநாள் கேக் என்றால் முதலாவதாகவும் இருக்கலாம். ஒரே வரிக்கு ஒரு முழு நாள் வித்தியாசம். எப்போது வெட்டப்போகிறார்கள் என்று படிவம் கேட்க வேண்டியதில்லை. கேக் அவர்கள் கைக்கு எப்போது வர வேண்டும் என்று கேட்டால் போதும். அதையும் எழுதச் சொல்லாமல், நீ கொடுக்கக்கூடிய நேரங்களை மட்டும் போட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

பண விஷயத்தில் அட்வான்ஸ் எவ்வளவு, மீதி எப்போது, யார் பெயருக்கு என்ற மூன்றுமே பழைய மெசேஜில் இல்லை. உன் க்யூஆரை ஸ்கேன் செய்தால் வருவது உன் கணவர் சாமுவேல் அண்ணன் பெயர். "பெனிட்டா"வை எதிர்பார்த்து வருகிறவர் அங்கே தயங்குவது நியாயம்தான். முன்கூட்டியே சொல்லிவிட்டால் அந்தத் தயக்கம் வராது. அதேபோல் சில வீடுகளில் ஆர்டர் கொடுப்பது மனைவி, பணம் வருவது கணவர் கணக்கிலிருந்து. அதையும் படிவத்தில் கேட்டிருக்கிறேன்.

நீண்ட மெசேஜை வாட்ஸ்அப் பாதியில் மடித்து `Read more` என்று காட்டும். பலர் அதைத் தட்டுவதே இல்லை. ஆகவே கடைசித் தேதியும் பண விதியும் மேலே, வாழ்த்து கீழே. நட்சத்திரக் குறி போட்டவை தடித்த எழுத்தாக வரும். அவற்றை அப்படியே விடு, கூடுதலாக எதையும் தடிமனாக்காதே.

இனி அனுப்ப வேண்டிய மெசேஜ்:

---

*கிறிஸ்துமஸ் 2026 மெனு – பெனிட்டா, பாளையங்கோட்டை*

*ஆர்டருக்குக் கடைசி நேரம்*
பிளம் கேக், குக்கீஸ்: *டிசம்பர் 15, செவ்வாய், இரவு 8 மணி*
கிரீம் கேக், பிரவுனி: *டிசம்பர் 19, சனி, இரவு 8 மணி*
பிளம் கேக் மொத்தம் 40 மட்டுமே. அது முடிந்தால் 15ஆம் தேதிக்கு முன்பே நிறுத்திவிடுவேன், இங்கே அறிவிப்பேன்.

*பணம்*
மொத்தத் தொகையில் பாதி முன்பணம். மீதிப் பாதி, கேக் வாங்கும் நாளுக்கு *முந்தைய நாள் இரவு 8 மணிக்குள்*. யுபிஐ மட்டும். கேக் வாங்கும்போது பணம் வாங்குவதில்லை.

*விலை*
பிளம் கேக் (முட்டை சேர்த்தது, மது சேர்க்கவில்லை, பழங்கள் ஆரஞ்சுச் சாற்றில் ஊறியவை)
500 கிராம் கேக் ஒன்று ₹480
1 கிலோ கேக் ஒன்று ₹920

வெனிலா கிரீம் கேக்
500 கிராம் ₹500 | 1 கிலோ ₹950

சாக்லேட் கிரீம் கேக்
500 கிராம் ₹575 | 1 கிலோ ₹1,100

கிரீம் கேக் எடை என்பது கிரீமும் சேர்ந்த மொத்த எடை. முட்டை இல்லாமல் வேண்டுமென்றால் 500 கிராமுக்கு ₹60, 1 கிலோவுக்கு ₹120 கூடுதல். முட்டை இல்லாத வகை கிரீம் கேக்கில் மட்டும் உண்டு.

பிரவுனி (முட்டை சேர்த்தது): 6 துண்டு உள்ள பெட்டி ஒன்று ₹360
பட்டர் குக்கீஸ் (முட்டை இல்லை): 250 கிராம் பெட்டி ஒன்று ₹220, சுமார் 16 குக்கீஸ் இருக்கும்

எல்லாவற்றிலும் மைதாவும் பால் பொருளும் உண்டு. பிளம் கேக்கிலும் பிரவுனியிலும் முந்திரி உண்டு. எல்லாம் ஒரே சமையலறையில் செய்யப்படுபவை. முந்திரி, பாதாம் ஒவ்வாமை உள்ளவர்கள் ஆர்டருக்கு முன் என்னிடம் பேசுங்கள்.

*கேக் கிடைக்கும் நாள்*
டிசம்பர் 22 செவ்வாய், 23 புதன், 24 வியாழன். 25ஆம் தேதி கிடையாது.
வீட்டில் வந்து வாங்கினால் கட்டணம் இல்லை. பாளையங்கோட்டைக்குள் கொண்டுவந்து தர ₹60. திருநெல்வேலி ஜங்ஷன், டவுனுக்கு ₹100. மற்ற இடங்களுக்கு டெலிவரி இல்லை.

*ஆர்டர் செய்வது எப்படி*
கீழே உள்ள படிவத்தை நிரப்புங்கள். அன்றிரவு 9 மணிக்குள் மொத்தத் தொகையை எழுதி அனுப்புவேன். இரவு 8 மணியை ஒட்டி நிரப்பினாலும் அன்றே பதில் வரும். அந்தத் தொகையைப் பார்த்த பிறகு, மறுநாள் இரவு 8 மணிக்குள் முன்பணம் அனுப்புங்கள். பணம் வந்ததும் *"உறுதி"* என்று ஆர்டர் எண்ணுடன் பதில் அனுப்புவேன். அந்தப் பதில் வந்தால்தான் ஆர்டர் எடுத்துக்கொள்ளப்பட்டதாகப் பொருள்.

க்யூஆர் ஸ்கேன் செய்தால் என் கணவர் சாமுவேல் பெயர் வரும். சரியான கணக்குதான்.

டிசம்பர் 17 வியாழன் இரவு 8 மணிக்குள் வேண்டாம் என்று சொன்னால் முன்பணம் முழுதும் திரும்பக் கிடைக்கும். அதற்குப் பிறகு பொருள் வாங்கி வேலை தொடங்கியிருக்கும், திருப்பித் தர முடியாது. 17ஆம் தேதிக்குப் பிறகு வரும் ஆர்டரை மாற்றவோ நிறுத்தவோ இயலாது.

எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு எண் ஒவ்வொரு பெட்டியின் லேபிளிலும் இருக்கும்.

இனிய கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்!

---

படிவத்தில் "உங்கள் ஆர்டர்" என்று ஒரே ஒரு பெரிய கட்டம் வைத்திருந்தாய். போன வருடத் தலைவலி முழுக்க அந்தக் கட்டத்திலிருந்து வந்ததுதான். ஒவ்வொரு அளவுக்கும் தனிக் கேள்வி வைத்து, `Dropdown` ஆக மாற்றி, 0 முதல் 5 வரை எண் கொடுத்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் `Required` போட்டாயிற்று. வேண்டாததற்கு 0 என்று அவர்களே தேர்ந்தெடுக்க வேண்டும். கொஞ்சம் கூடுதல் வேலைதான், ஆனால் விட்டுப்போனதா, வேண்டாமா என்று நீ போன் போட்டுக் கேட்க வேண்டியிருக்காது. பெயர், போன் எண் கேள்விகளைத் தொடவில்லை. மற்றவற்றை ஒரு மாதிரி ஆர்டர் கொடுத்துப் பார்த்தேன், இப்படி வருகிறது:

---

500 கிராம் பிளம் கேக் எத்தனை? 0
1 கிலோ பிளம் கேக் எத்தனை? 2
500 கிராம் கிரீம் கேக் எத்தனை? 0
1 கிலோ கிரீம் கேக் எத்தனை? 0
கிரீம் கேக் வகை (வெனிலா / சாக்லேட் / கிரீம் கேக் வேண்டாம்) கிரீம் கேக் வேண்டாம்
கிரீம் கேக்கில் முட்டை (சேர்க்கலாம் / சேர்க்க வேண்டாம் / கிரீம் கேக் வேண்டாம்) கிரீம் கேக் வேண்டாம்
கேக் மேல் எழுத வேண்டியது. எழுத்து மாறாமல் அப்படியே எழுதுவேன். எதுவும் வேண்டாம் என்றால் "இல்லை" என எழுதுங்கள் இல்லை
பிரவுனி, 6 துண்டுப் பெட்டி எத்தனை? 1
குக்கீஸ், 250 கிராம் பெட்டி எத்தனை? 0
எந்த நாள் உங்கள் கைக்கு வர வேண்டும்? டிசம்பர் 23, புதன்
எந்த நேரம்? (காலை 10–12 / மாலை 4–6 / மாலை 6–8) மாலை 4–6
எப்படி வாங்குகிறீர்கள்? பாளையங்கோட்டைக்குள் டெலிவரி, ₹60
டெலிவரி முகவரியும் அருகில் உள்ள அடையாளமும் பெருமாள்புரம், தண்ணீர்த் தொட்டிக்கு எதிர் வீடு, பச்சை கேட்
பணம் யார் பெயரில் உள்ள கணக்கிலிருந்து வரும்? ஜெயராஜ் (கணவர்)
மீதிப் பணம் முந்தைய நாள் இரவு 8 மணிக்குள் வர வேண்டும் என்பதைப் படித்தேன் ஆம்

---

கூகுள் படிவம் தானாகக் கூட்டித் தராது. தொகையை நீதான் எழுதி அனுப்ப வேண்டும். கூட்டுத்தொகையை மட்டும் அனுப்பாதே, கணக்கை வரிவரியாகக் காட்டு. ஏதாவது தப்பாகத் தேர்ந்தெடுத்திருந்தால் அவர்கள் கண்ணில் படுவது அங்கேதான். மேலே உள்ள ஆர்டருக்கு இப்படி:

> வணக்கம். உங்கள் ஆர்டர்:
> 1 கிலோ பிளம் கேக் 2 × ₹920 = ₹1,840
> பிரவுனி, 6 துண்டுப் பெட்டி 1 × ₹360 = ₹360
> டெலிவரி ₹60
> *மொத்தம் ₹2,260*
> முன்பணம் *₹1,130*, நாளை டிசம்பர் 11 வெள்ளி இரவு 8 மணிக்குள்.
> மீதி *₹1,130*, டிசம்பர் 22 செவ்வாய் இரவு 8 மணிக்குள்.
> கேக் வரும் நேரம்: டிசம்பர் 23 புதன், மாலை 4 முதல் 6 மணிக்குள்.
> ஏதாவது மாற வேண்டுமென்றால் பணம் அனுப்பும் முன் சொல்லுங்கள்.

பணம் வந்ததும்:

> ஆர்டர் எண் 14 – *உறுதி*. ₹1,130 ஜெயராஜ் அவர்கள் கணக்கிலிருந்து வந்துவிட்டது. நன்றி.

"உறுதி" போடும் முன் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பாதே. அண்ணனின் வங்கி ஆப்பில் பணம் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடு. அண்ணன் வேலையில் இருக்கும் நேரத்தில் கேட்க முடியாது என்றால் இரவு எட்டரைக்கு ஒரு தடவை உட்கார்ந்து மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம். ஆர்டர் எண்ணை வரிசையாகக் கொடுத்து, அதே எண்ணைப் பெட்டியின் மேலும் ஒட்டிவிடு.

விலை எதையும் நான் மாற்றவில்லை. முட்டை இல்லாத 1 கிலோவுக்கு 120 என்பது மட்டும் நீ சொன்ன 60இன் இரட்டிப்பாக நான் போட்டது. அது உனக்குக் கட்டுப்படியாகுமா என்று பார்த்துக்கொண்டு, வரும் திங்கட்கிழமைக்குள் மெசேஜை அனுப்பிவிடு.

எஸ்தர் அக்கா