3-க்கு வரும் வழி

பதினோராம் வகுப்பு மாணவன், மாலை டியூஷன். நோட்டில் கணக்கு இப்படி இருக்கிறது: x ≠ 3 எனில் f(x) = (x² − 9)/(x − 3); f(3) = 10. x → 3 எனும்போது எல்லை காண்க. அவன் எழுதிய விடை 10. அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

மாணவன்: இது ஏன் சார் தப்பு? f(3) = 10 என்று கணக்கிலேயே கொடுத்திருக்கிறார்களே. எல்லை என்றால் x-க்குப் பதில் 3 போடுவதுதானே?

ஆசிரியர்: இதுவரை செய்த கணக்குகளில் அப்படிப் போட்டே விடை வந்துவிட்டது, அதனால் அப்படித் தோன்றுகிறது. சரி, கால்குலேட்டரை எடு. x = 2.9 என்றால்?

மாணவன்: 5.9. அப்புறம் 2.99-க்கு 5.99.

ஆசிரியர்: வலப்பக்கத்திலிருந்து வா. 3.01?

மாணவன்: 6.01. 3.001-க்கு 6.001. எல்லாம் 6-ஐ நோக்கித்தான் போகிறது. ஆனால் 3-க்கு வந்ததும் 10 ஆகிவிடுகிறதே?

ஆசிரியர்: "வந்ததும்" என்கிறாய் பார், சிக்கல் அங்கேதான். எல்லை கேட்பது வரும் வழியை மட்டும். அந்த 10-ஐ அடித்துவிட்டு 500 என்று வைத்துக்கொள். நீ போட்ட பட்டியலில் எந்த வரி மாறும்?

மாணவன்: எதுவும் மாறாது.

ஆசிரியர்: f(3) கொடுக்கவே இல்லை என்றால்?

மாணவன்: அப்போதும் 6தான். ஆனால் சார், மேலும் கீழும் x − 3-ஐ அடித்தால் x + 3 வருகிறது. அதில் 3 போட்டுத்தானே 6 எடுக்கிறோம்?

ஆசிரியர்: நல்ல இடத்தில் பிடித்தாய். x − 3-ஐ எந்தத் தைரியத்தில் அடித்தாய்?

மாணவன்: அது பூச்சியம் இல்லை என்ற தைரியத்தில்.

ஆசிரியர்: அதாவது x, 3 இல்லை. x + 3 என்பது வேறொரு சார்பு. 3-ஐத் தவிர மற்ற எல்லா இடத்திலும் இரண்டும் ஒன்று, அதனால் எல்லையும் ஒன்று. x + 3-க்கு 3-இல் தொடர்ச்சி உண்டு, ஆகவே அதில் தாராளமாகப் போடலாம். எல்லையும் மதிப்பும் ஒன்றாக இருப்பதற்குத்தான் தொடர்ச்சி என்று பெயர். எல்லாச் சார்புக்கும் அது அமையாது.

மாணவன்: போக வேண்டிய புள்ளியை விட்டுவிட்டு எதற்கு சார் பக்கத்திலேயே சுற்ற வேண்டும்?

ஆசிரியர்: y = x² வளைவரையில் (3, 9)-இல் தொடுகோட்டின் சாய்வு வேண்டும். ஒரே புள்ளியை வைத்துச் சாய்வு கண்டுபிடிப்பாயா?

மாணவன்: இரண்டு வேண்டும். இன்னொன்று (x, x²). சாய்வு, (x² − 9)/(x − 3)... சார், இது அதே கணக்கு!

ஆசிரியர்: அதேதான். இங்கே 3 போடு பார்ப்போம்.

மாணவன்: 0/0. இரண்டு புள்ளியும் ஒன்றாகிவிடுகிறது. அப்படியானால் சாய்வு 6, ஆனால் போட்டுப் பார்த்து வராது.

ஆசிரியர்: நீ அடுத்துப் படிக்கப்போகும் வகையிடல் முழுக்க இதுதான். ஒவ்வொரு முறையும் 0/0-இல் வந்து நிற்கும். விடையைத் திருத்து.

மாணவன்: 6 எழுதிவிட்டேன். f(3) = 10-ஐ என்ன செய்வது?

ஆசிரியர்: அது அப்படியே இருக்கட்டும். 3-இல் f தொடர்ச்சியற்றது என்று கீழே ஒரு வரி சேர்.