பரம்பரைக் கொலஸ்ட்ரால்: எல்லாரும் ரத்தம் பாருங்க

சித்தப்பா, அத்தை வீட்டுத் தம்பி தங்கைங்களா, எங்க அப்பாவோட எல்.டி.எல், அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், லிட்டருக்கு 7.8 மில்லிமோல், என்னோடது 6.4. சாப்பாட்டால வந்ததில்ல. எல்.டி.எல்-ஐ ரத்தத்திலிருந்து ஈரல் சரியா எடுக்காத பரம்பரைக் கோளாறு. சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் இருக்க பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவங்களுக்கு இருந்தா உங்க ஒவ்வொருத்தருக்கும் அதே பாதி. ஒல்லியா இருக்கேன், நாசி லெமாக் தொடுறதில்லன்னு தப்பிக்க முடியாது.

அரசாங்க கிளினிக்லயோ லேப்லயோ லிப்பிட் ப்ரொஃபைல் கேளுங்க. மொத்தக் கொலஸ்ட்ரால் மட்டும் போதாது. எல்.டி.எல் 4.9-ஐ எட்டினா, பிள்ளைங்களுக்கு 4-ஐ எட்டினாலே, அப்பா விஷயத்த டாக்டர்கிட்ட சொல்லுங்க. பெரிய காய்ச்சல் வந்த கையோட எடுக்காதீங்க, அளவு குறைச்சுக் காட்டும். குதிகாலுக்கு மேல தசைநார் தடிச்சிருக்கான்னு தடவியும் பாருங்க. அப்பாவுக்கு விரல் அளவு தடிச்சிருந்துச்சு, நாம செருப்புக் கடின்னு நினைச்சோம். ரிப்போர்ட்ட எனக்கு வாட்ஸ்அப் பண்ணுங்க.